நாற்பது கூலரும் ஒரு பொய்த் தலைப்பும்

2024 ஏப்ரல் கடைசியில் கரூரில் அடித்த வெயில் நினைவிருப்பவர்களுக்கு நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. தினமும் மாலைச் செய்தியில் கரூர் பரமத்தி என்ற பெயர் வந்தது. எங்கள் வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஏர் கூலர் வந்து இறங்கிய அன்றே போய்விடும். ‘நாளைக்கு வருமா, நாளை மறுநாள் வருமா’ என்று கேட்டவர்களின் செல்பேசி எண்களை ஒரு பழைய நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பட்டியலின் நீளத்தை நம்பி, மே முதல் வாரத்தில் தெரிந்தவரிடம் ஒன்றரை வட்டிக்குப் பணம் வாங்கிச் சரக்கு எடுத்தேன். 40 லிட்டர் கூலர் 40, அடக்க விலை 6,200 ரூபாய். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி 40, அடக்கம் 2,300. சாதாரண மின்விசிறி 30, அடக்கம் 1,400. மொத்தம் 3,82,000 ரூபாய்.

கத்திரி தொடங்கிய இரண்டாவது வாரமே கோடை மழை பிடித்துக்கொண்டது. நோட்டில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்தேன். ‘இப்போதுதான் குளிர்ந்துவிட்டதே, அடுத்த வருடம் பார்க்கலாம் அண்ணா’ என்று சொன்னார்கள். மே கடைசியில் கூலர் பெட்டிகள் கிடங்கை நிரப்பி, கடைக்குள் நடைபாதை வரைக்கும் வந்து நின்றன. மாதம் 5,730 ரூபாய் வட்டி. ஆடித் தள்ளுபடிக்குத் துணிக்கடைகள் இறங்குவதற்குள், வாஷிங் மெஷினுக்கும் மிக்ஸிக்கும் இடம் வேண்டும். ஜூனில் எப்படியாவது காலி செய்துவிட வேண்டும் என்று இறங்கினேன். அடுத்த ஆறு வாரங்களில் பொருளைவிட, பொருளைப் பற்றி நான் எழுதிய வரிகளால்தான் அதிகம் நஷ்டப்பட்டேன். அன்று யாராவது ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தால் 25,000 ரூபாய் மிஞ்சியிருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நோட்டீஸ் எல்லாரும் போடுகிறதுதான். ‘மெகா கிளியரன்ஸ்! ஏர் கூலர், ஃபேன் 40% வரை தள்ளுபடி!’ சிவப்பு எழுத்து, மஞ்சள் பின்னணி, மூலையில் ஒரு வெடி வெடிக்கும் படம். 5,000 பிரதி அச்சடித்து, நாளிதழுக்குள் வைத்துக் கொடுத்ததற்கு எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய். தலைப்பு எனக்கே பெருமையாக இருந்தது. அச்சகத்து அண்ணன் மட்டும், ‘போன வருடம் பாத்திரக் கடைக்கு அடித்த அதே டிசைன்தான் தம்பி, பெயரை மட்டும் மாற்றினேன்’ என்றார். அதைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கூட்டம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: ‘கடைசி விலை என்ன?’ கூலரின் எம்.ஆர்.பி. 10,500. அதில் 40 சதவீதம் போனால் 6,300. ஆனால் எம்.ஆர்.பி. விலைக்கு ஊரில் எவருமே கூலர் வாங்குவதில்லை. கோடை உச்சத்திலேயே நான் 7,500-க்குத்தான் கொடுத்தேன். வந்தவர்கள் என் கண்ணெதிரே செல்பேசியை எடுத்து இணையத்தில் விலை பார்த்தார்கள். அங்கும் ஏறக்குறைய அதே 6,300. அப்படியென்றால் நான் கொடுத்த தள்ளுபடி எது? விலையைத் தவிர வேறு எதையும் நான் சொல்லவில்லை. ஆகவே அவர்களுக்கும் விலையைத் தவிர வேறு எதையும் பேசுவதற்கில்லை. அடுத்த தெருவில் இன்னொரு கடைக்காரர் மூன்றாம் நாள் ‘45% வரை’ என்று பேனர் கட்டினார். ‘வரை’ என்ற சொல்லாலும் சண்டை வந்தது. 40 சதவீதம் கூலருக்கு மட்டும், மின்விசிறிக்கு 30 என்றபோது ஒருவர் நோட்டீஸை மேசை மேல் விரித்து, ‘வரை’யின் மேல் விரலை வைத்து, ‘இவ்வளவு சின்னதாக எழுதினால் யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பத்து நாளில் 9 கூலர் போனது. பேரம் பேசிப் பேசி ஒவ்வொன்றும் 5,700-க்கு இறங்கியது. அடக்கத்திலிருந்து ஒன்றுக்கு 500 ரூபாய் நஷ்டம். 4,500 ரூபாய் அப்படியே போயிற்று. மின்விசிறி ஆறு. இன்னொரு சேதமும் இருந்தது. வந்தவர்களில் பலர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, ‘ஏன் தள்ளிவிடுகிறீர்கள், ஏதாவது ரிப்பேரா?’ என்று கேட்டார்கள். காரணம் சொல்லாத தள்ளுபடிக்கு வாடிக்கையாளர் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறார். அந்தக் காரணம் கடைக்காரருக்குச் சாதகமாக இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில் கோயம்புத்தூரில் விளம்பர வேலையில் இருக்கும் என் மைத்துனர் வந்திருந்தார். நோட்டீஸைப் பார்த்துவிட்டு, ‘மாமா, விலையைச் சொல்கிறீர்கள், பலனைச் சொல்லவில்லையே’ என்றார். அவர் சொன்னது சரிதான். நான் அதைப் புரிந்துகொண்ட விதம்தான் கோளாறு. பலன் என்றால் பெரிதாக எதையாவது சொல்வது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன்: ‘ஏசி குளிர்ச்சி, ஃபேன் செலவில்! கதவைச் சாத்துங்கள், கோடையை மறந்துவிடுங்கள்!’ மைத்துனர் ஊருக்குப் போய்விட்டார். அவரிடம் காட்டவும் இல்லை. ஒரு ஃப்ளெக்ஸ் பேனர், 3,000 நோட்டீஸ், 5,200 ரூபாய்.

இந்தத் தலைப்பு வேலை செய்தது. அதுதான் கொடுமை. மழை விட்டுப் புழுக்கம் திரும்பிய நேரம் வேறு. ஒரே வாரத்தில் 14 கூலர், பேரமில்லாமல் 6,300-க்குப் போனது. நான் கல்லாவில் உட்கார்ந்து மைத்துனரை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் காலையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆட்டோவில் கூலரோடு வந்து இறங்கினார். கோபமாகப் பேசவில்லை, பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ‘தம்பி, நீங்கள் எழுதியிருந்தபடி கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினேன். முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. அப்புறம் மெத்தையெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. வீட்டில் அம்மாவுக்கு மூட்டு வலி அதிகமாகிவிட்டது’ என்றார். சட்டைப்பையிலிருந்து என் நோட்டீஸை எடுத்தார். நான்காக மடித்து, பில்லோடு சேர்த்துப் பின் குத்தி வைத்திருந்தார்.

கூலர் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான். ஈரமான அட்டைத் திண்டின் வழியாகக் காற்று போகும்போது தண்ணீர் ஆவியாகி, காற்றிலிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்றோடு ஈரமும் அறைக்குள் வருகிறது. அந்த ஈரக் காற்று வெளியேற ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் சிறிது நேரத்திலேயே காற்று ஈரத்தால் நிறைந்துவிடும். பிறகு தண்ணீர் ஆவியாவதில்லை, குளிர்ச்சியும் இல்லை, பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். ஏசிக்குக் கதவைச் சாத்த வேண்டும், கூலருக்குத் திறந்து வைக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர். நான் எழுதியது வெறும் மிகைப்படுத்தல் இல்லை. பொருளைக் கெடுத்துப் பயன்படுத்தச் சொல்லும் செய்முறைக் குறிப்பு.

அந்த வாரம் மொத்தம் ஐந்து கூலர்கள் திரும்பி வந்தன. அதில் ஒன்று கடலூரிலிருந்து. கரூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி, கடலோரத்தில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பியிருந்தார். அங்கே கூலர் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். எங்கள் பக்கம் ஒரு காய்ந்த மத்தியானம், 40 டிகிரி வெப்பம், காற்றில் 30 சதவீத ஈரப்பதம் என்றால் நல்ல திண்டுள்ள கூலரிலிருந்து வரும் காற்று 29, 30 டிகிரிக்கு இறங்கும். பத்து டிகிரி குறைவு. கடலோரத்தில் 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் 31-க்கு வருவதே பெரிது. நான்கு டிகிரிதான், கூடவே ஈரம் வேறு. ஒரே பொருள், ஒரே விலை; ஓர் ஊரில் வரப்பிரசாதம், இன்னோர் ஊரில் தொல்லை. தலைப்பு எழுதும்போது எந்த ஊருக்கு எழுதுகிறோம் என்று பார்க்க வேண்டும் என்பதை நான் கடலூரிலிருந்து டெம்போ வாடகை கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

ஐந்து பேருக்கும் முழுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாடிக்கையாளரான வழக்கறிஞர் ஒருவர், ‘நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் தவறான விளம்பரம் என்பதற்குத் தெளிவான விளக்கம் இருக்கிறது, பெரிய நிறுவனத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்’ என்று சொல்லிவைத்தார். ஆனால் நான் திருப்பிக் கொடுத்தது அந்தப் பயத்தில் இல்லை. பின் குத்தி மடித்த அந்த நோட்டீஸைப் பார்த்த பிறகு வேறு என்ன செய்வது? திரும்பி வந்த ஐந்தையும் பயன்படுத்திய பொருள் என்று சொல்லி 4,500-க்கு விற்றேன். 8,500 ரூபாய் நஷ்டம். டெம்போவுக்கு 1,500. அதுவரைக்கும் நோட்டீஸ், பேனர், நஷ்டம் எல்லாம் கூட்டினால் 25,700 ரூபாய். வட்டி தனி.

ஒரு நாள் முழுக்கக் கடையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது. பதினான்கில் ஐந்து திரும்பி வந்தது என்றால் ஒன்பது வரவில்லை. அந்த ஒன்பது பேருக்கும், ஏப்ரலில் வாங்கியவர்கள் சிலருக்கும் தொலைபேசியில் பேசினேன். ‘கூலர் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் எல்லாரும் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார்கள். அதனால், ‘எந்த நேரத்தில் போடுகிறீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்களை அதே பழைய நோட்டில் எழுதினேன். இப்போது அந்தப் பக்கங்களை நான் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண், ‘காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் பதினொரு மணிக்கு மாடித் தளம் காய்ந்து எழுப்பிவிடும் அண்ணா. இப்போது மூன்று மணி வரைக்கும் தூங்குகிறேன்’ என்றார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் செய்பவர், சிமெண்ட் அட்டை போட்ட வீட்டில் ஜன்னலோரம் வைத்திருப்பதாகவும், சமைக்கும் அம்மா இப்போது மதியத்தில் திண்ணைக்கு ஓடுவதில்லை என்றும் சொன்னார். இன்னொருவர், மின்சாரம் போனால் கூலர் இன்வெர்ட்டரில் ஓடுவதுதான் தமக்குப் பெரிய விஷயம் என்றார். ஒருவர்கூட ஏசியைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர்கூடத் தள்ளுபடியைப் பற்றியும் பேசவில்லை. எல்லாரும் ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் சொன்னார்கள்.

தலைப்பு எழுதுவதற்கு எனக்குப் பிடிபட்ட வழி அதுதான். பெட்டியில் அச்சடித்திருக்கும் சமாச்சாரத்தை எடுத்துக்கொண்டு, இதனால் எந்த வீட்டில், எந்த மணி நேரத்தில், யாருக்கு என்ன மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ‘தேன்கூடு திண்டு, 40 லிட்டர் தொட்டி’ என்பது பெட்டிக்கு உரியது. ‘நன்றாகக் குளிரும்’ என்பது யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எழுதக்கூடியது. கடைசியில் நான் எழுதியது இது: ‘இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர்களுக்கு: மொட்டை மாடிக்குக் கீழ் அறையிலும் மத்தியானம் வரை உறக்கம் கலையாது.’ அதன் கீழே சற்றுச் சிறிய எழுத்தில், ‘ஜன்னலைத் திறந்து அதன் எதிரே வையுங்கள். ஏசியைப் போலக் குளிராது. மின்விசிறி வெப்பக் காற்றை வீசும் நேரத்தில் இது குளிர்ந்த காற்றை வீசும்.’ அதற்கும் கீழே காரணம்: ‘மே மாத மழையால் மீந்துபோன சரக்கு. பெட்டி பிரிக்காதது. வாரண்டி பில் தேதியிலிருந்து தொடங்கும்.’ விலை கடைசி வரியில்: 6,600 ரூபாய், கூடுதலாக ஒரு திண்டும் உண்டு. முன்பு கொடுத்ததைவிட 300 ரூபாய் அதிகம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தத் திண்டு எனக்கு அடக்க விலைக்கே வந்தது. உப்புத் தண்ணீர் ஊற்றும் எங்கள் ஊரில் இரண்டு கோடைக்குள் திண்டில் வெள்ளை படிந்து காற்று அடைத்துக்கொள்ளும் என்பதால் வாங்குபவருக்கு அது உண்மையிலேயே வேண்டிய பொருள்.

‘ஏசியைப் போலக் குளிராது’ என்று எழுதியதைப் பார்த்து அச்சகத்து அண்ணன் திருத்தம் என்று நினைத்துத் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். அப்படியே போடச் சொன்னேன். அந்த வரியைப் படித்துவிட்டு வந்தவர்கள் என்னிடம் மற்ற வரிகளைச் சந்தேகிக்கவில்லை.

ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இரண்டு முறை சூடு பட்டவன். அதனால் ஒரு சின்னச் சோதனை வைத்தேன். இரண்டாயிரம் இளஞ்சிவப்புத் தாளில் பழைய பாணியில் ‘37% தள்ளுபடி’ என்ற தலைப்பு. இரண்டாயிரம் வெளிர்பச்சைத் தாளில் புதிய தலைப்பு. பொருளும் விலையும் ஒன்றே. ஒரே பகுதியில் ஒரு தெரு விட்டு ஒரு தெரு மாற்றிப் போடச் சொன்னேன். நோட்டீஸைக் கொண்டுவந்தால் வீட்டுக்கு வந்து இலவசமாகப் பொருத்திக் கொடுப்போம் என்று இரண்டிலும் எழுதியிருந்ததால் எந்த நிறம் கைக்கு வருகிறது என்று எண்ண முடிந்தது. பத்து நாளில் இளஞ்சிவப்பு 13 வந்தது, பச்சை 17. பெரிய வித்தியாசம் இல்லை என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இளஞ்சிவப்போடு வந்தவர்களில் வாங்கியது இரண்டு பேர். பச்சையோடு வந்தவர்களில் எட்டுப் பேர். நான்காயிரம் நோட்டீஸை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் கடையில் நின்று கேட்டவனுக்குக் கேள்விகளே போதும். இளஞ்சிவப்பு கேட்டது, ‘இன்னும் எவ்வளவு குறைப்பீர்கள்?’ பச்சை கேட்டது, ‘எங்கள் வீட்டில் ஜன்னல் கிழக்குப் பக்கம்தான் இருக்கிறது, சரிப்படுமா?’ இரண்டாவது கேள்வி கேட்கிறவரிடம் விலை பேச வேண்டியதே இல்லை. அவர் மனதில் கூலரை ஏற்கெனவே வீட்டுக்குள் வைத்துவிட்டார். சிலருக்கு நான் ‘சரிப்படாது’ என்றும் சொன்னேன். ஒரே ஒரு வாசல் மட்டும் உள்ள அறைக்குக் கூலர் விற்பது திரும்பி வரும் பெட்டிக்கு முன்பதிவு செய்வது மாதிரி.

இதிலும் ஒரு சறுக்கல். ‘ஒருமுறை நிரப்பினால் இரவு முழுவதும் ஓடும்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். சோதித்துப் பார்த்துத்தான் போட்டேன். என் வீட்டில் இரவு பத்து மணிக்கு நிரப்பிய தொட்டி காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் தண்ணீர் மீதி வைத்தது. உண்மையான பலன்தானே? குடிநீர் லாரியை எதிர்பார்த்திருக்கும் பகுதியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, ‘ஒரு ராத்திரிக்கு 40 லிட்டர் தண்ணீருக்கு நான் எங்கே போவேன் தம்பி?’ என்று கேட்டார். அவருக்கு அது எட்டுக் குடத்தில் மூன்று குடம். அன்றே எடுத்துவிட்டேன். அந்தப் பகுதிக்குக் கூலரை விட்டு மின்விசிறியைச் சொல்ல ஆரம்பித்தேன்.

மின்விசிறியின் கதை இன்னும் சுவையானது, ஏனென்றால் அங்கே பலனை எண்ணாகவே காட்டலாம். 900 ரூபாய்க்கு ஒரு சின்ன வாட் மீட்டர் வாங்கினேன். பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவில் செருகுகிற வகை. கடையின் கூரையில் ஒரு பழைய மின்விசிறி, பக்கத்தில் ஒரு பி.எல்.டி.சி. மின்விசிறி. இரண்டும் முழு வேகத்தில் ஓடும்போது பழையது 74 வாட் காட்டியது, புதியது 29. வாடிக்கையாளரையே சுவிட்சைப் போடச் சொல்வேன். வித்தியாசம் 45 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில் காலத்தில் ஏறக்குறைய 40 யூனிட். ‘30% தள்ளுபடி’ என்பதற்குப் பதிலாக, ‘ஒரு மின்விசிறியை மாற்றினால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும்’ என்று எழுதினேன்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 40 யூனிட் என்பது எல்லாருக்கும் ஒரே பணம் இல்லை. நம் மாநிலத்தில் அப்போது வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 90 யூனிட்டில் நிற்கும் சின்னக் குடும்பத்துக்கு இந்தத் தலைப்பு ஒரு பைசாவும் தராது. 200-ஐத் தாண்டி ஓடும் வீட்டில் அப்போதைய நான்கரை ரூபாய் கணக்கில் பில்லுக்கு 180 ரூபாய். சாதாரண மின்விசிறி 1,700, இது 2,750. 1,050 ரூபாய் வித்தியாசம் ஆறு பில்லில், அதாவது ஒரு வருடத்தில் திரும்பிவிடும் என்று முதலில் எழுதினேன். பிறகு நானே அடித்தேன். மார்கழியில் யார் 15 மணி நேரம் மின்விசிறி போடுகிறார்கள்? ‘ஒன்றரை வருடத்தில்’ என்று மாற்றினேன். ஆனால் 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடுகளுக்குத்தான் உண்மையான லாபம். 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும். 530-இல் நிற்கும் வீடு 490-க்கு இறங்கினால் அந்த 40 யூனிட்டுக்கு 500 ரூபாய்க்கு மேல் மிச்சம். அதற்காகவே ஒரு தலைப்பு எழுதினேன்: ‘மின் அட்டையைப் பாருங்கள். 500-ஐக் கொஞ்சமாகத் தாண்டுகிறதா? ஒரு மின்விசிறியை மாற்றினால் போதும்.’ ஜூலை நடுவில் மின்கட்டண உயர்வுச் செய்தி வந்தது. நான் திட்டமிட்டதில்லை, ஆனால் அந்த வாரம் மின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே ஆட்கள் வந்தார்கள்.

100 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு வேறு வரி. மாலையில் மின்னழுத்தம் குறைந்து மின்விசிறி ஊர்ந்து சுற்றும் கிராமங்கள் எங்களைச் சுற்றி உண்டு. பி.எல்.டி.சி. மின்விசிறியின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று மின்னழுத்தம் ஓரளவு இறங்கினாலும் வேகத்தைக் குறையவிடாது. ‘சாயங்காலம் லைட் மங்கினாலும் காற்று மங்காது’ என்று எழுதினேன். நோட்டீஸில் நான் எழுதியவற்றில் எனக்குப் பிடித்த வரி அதுதான். அதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்த்தேன்: சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்விசிறி விட்டு விட்டு ஓடும், சர்க்யூட்டும் கெடும். ரிமோட் தொலைந்தால் என்ன செய்வது என்பதையும் விற்கும்போதே சொல்லிவிடுவேன். இதை எழுதாமல் விட்ட முதல் வாரத்தில் ‘மின்விசிறி கெட்டுவிட்டது’ என்று நான்கு அழைப்புகள். நான்கு வீட்டிலும் பழைய ரெகுலேட்டர்.

ஆடி பிறந்து காற்று வீசத் தொடங்கியதும் கூலர் பேச்சையே நிறுத்திவிட்டேன்; அம்மி பறக்கும் காற்றில் போய் யாரிடம் காற்று விற்பது? அதற்குள் புதிய நோட்டீஸிலும் அதன்பின் வாய்வழியாகவும் 15 கூலர் 6,600-க்குப் போயிருந்தது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மின்விசிறியில் 12 மட்டும் மிஞ்சியது. அது அடுத்த மாசி வரைக்கும் கெடாத சரக்கு.

கடைசியாக இரண்டு கூலர் நின்றது. ஒன்று கிடங்கில் சரிந்து விழுந்து மூலையில் நெளிந்திருந்தது. ‘சுவரோரம் திருப்பி வைத்தால் நெளிவு தெரியாது, காற்றில் குறையில்லை’ என்று ஒரு அட்டையில் எழுதி அதன் மேலேயே ஒட்டினேன். டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே 5,500 கொடுத்து வாங்கிப் போனார். இன்னொன்றைப் பிரித்துப் பார்த்தபோது எலி ஒயரையும் திண்டையும் ஒருசேரக் கடித்து, தொட்டிக்குள் குடும்பம் நடத்தியிருந்தது. அதற்கு எந்தத் தலைப்பும் தோன்றவில்லை. எடைக்குப் போட்டேன், 340 ரூபாய் கிடைத்தது.